பந்தியில் அமர்ந்ததும் சொல்லும் நன்றியுரை

கிருஷ்ணகிரியில் உள்ள இந்த வீட்டில் இன்றிரவு ஒரே பந்தியில் அமர்ந்திருக்கும் நாம், கை கூப்புபவர்களும் கை ஏந்துபவர்களும் சிலுவைக் குறி இட்டுக்கொள்பவர்களும் எதையும் வேண்டாமல் அமைதியாக இருப்பவர்களும், அவரவர் வழியிலேயே ஒரு நிமிடம் நன்றியை நினைப்போம்.

மானாவாரி நிலத்தில் மழையை மட்டுமே நம்பிக் கேழ்வரகு விதைத்தவர்களுக்கும், அதைக் களையெடுத்து, அறுத்து, தூற்றிக் கொடுத்தவர்களுக்கும், தென்பெண்ணைத் தண்ணீருக்கும், மாம்பழக் கூடை சுமந்தவர்களுக்கும், கட்டி விழாமல் களி கிண்டிய அத்தைக்கும் (அந்தக் கைவலி நாளைக்கும் இருக்கும்) நன்றி கூறுகிறோம்.

ஹலால் முறையில் அறுத்த கோழியின் குழம்பு தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியோடு இருக்கிறது. சைவம் உண்பவர்களுக்குக் கீரைக் கடைசலும் கொள்ளுக் குழம்பும் உண்டு. விரதமிருக்கும் சம்பந்தியம்மாவுக்குப் பாலும் பழமும் வைத்திருக்கிறோம்.

சென்ற ஆண்டு நம்மோடு உண்ட தாத்தாவையும், பெங்களூரில் வேலையில் இருக்கும் பிள்ளைகளையும், இவ்வேளையில் பசித்திருப்பவர்களையும் நினைக்கிறோம். ஆமென், ஆமீன், ஓம் சாந்தி என்று சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம்; மௌனமாக இருப்பவர்களை யாரும் வற்புறுத்த வேண்டாம்.

பாட்டி முதல் கவளத்தை எடுக்கட்டும்.