கட்டணச் சலுகை கோரும் விண்ணப்பம்: திருத்தங்களும் திருத்திய படியும்

கொக்குவில்,
19.08.2025

அன்புள்ள சுகந்திக்கு,

நீர் நேற்றுப் பின்னேரம் தர்ஷிகாவிடம் கொடுத்தனுப்பிய கடிதத்தை இரவு இரண்டு முறையும் இன்று காலை ஒரு முறையும் வாசித்தேன். பிள்ளை கடிதத்தோடு பற்றுச்சீட்டுகள் வைத்திருக்கும் பிஸ்கற் ரின்னையும் கொண்டுவந்து தந்தது மிகவும் உதவியாக இருந்தது. அதன் காரணத்தைப் பின்னால் எழுதியிருக்கிறேன். எழுத்துப் பிழைகளை உமது தாளிலேயே சிவப்பு மையால் திருத்தியிருக்கிறேன். திருத்திய கடிதம் முழுவதையும் கீழே தனியாக எழுதியிருக்கிறேன், அதைப் பார்த்து உமது கையெழுத்திலேயே நல்ல படி எழுதும். தட்டச்சுச் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. உமது எழுத்து சாதாரண தர வகுப்பில் இருந்ததைப் போலவே இன்றும் தெளிவாக இருக்கிறது.

முதலில் எழுத்துப் பிழைகளைச் சொல்கிறேன். "கல்வி கட்டணம்" என்று ஐந்து இடங்களில் எழுதியிருக்கிறீர். "கல்விக் கட்டணம்" என்று க் மிகுந்து வர வேண்டும். "முயற்ச்சி" என்பதில் ற் என்ற எழுத்துக்குப் பின் இன்னொரு மெய்யெழுத்து வராது, ஆகவே "முயற்சி" என்பதே சரி. "சிறமம்" என்பது "சிரமம்" என்றும், "நிலமை" என்பது "நிலைமை" என்றும், "பணிவண்புடன்" என்பது "பணிவன்புடன்" என்றும் வர வேண்டும். கடைசிச் சொல் பணிவும் அன்பும் சேர்ந்தது, அன்பில் இருக்கும் ன் தான் அங்கேயும் வரும். "தாமதத்தைப் பொருத்தருள வேண்டும்" என்று எழுதியதைத் தவறாமல் மாற்றும். பொருத்துவது என்றால் ஒன்றோடொன்று இணைப்பது. நீர் கேட்பது பொறுத்துக்கொள்ளும்படி, ஆகவே "பொறுத்தருள" என்று வல்லின றகரம் வர வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய பிழை இரண்டாம் பந்தியின் முதல் வசனத்தில் இருக்கிறது. "எனது கணவர் சாரத்திலிருந்து விழுந்து எனது மகளின் கட்டணத்தைச் செலுத்த முடியாமல் இருக்கின்றேன்" என்று எழுதியிருக்கிறீர். "விழுந்து" என்ற எச்சத்துக்கு எழுவாய் கணவர். "இருக்கின்றேன்" என்ற முற்றுக்கு எழுவாய் நீர். எச்சமும் முற்றும் ஒருவரையே சார வேண்டும் என்று வகுப்பில் படிப்பித்தது உமக்கு நினைவிருக்கும். ஒருவர் விழ இன்னொருவர் செலுத்த முடியாமல் நிற்பதை அந்த வசனம் தாங்காது. அதை மூன்றாகப் பிரித்து, விபத்து, சத்திரசிகிச்சை, வருமானம் நின்றது என்ற ஒழுங்கில் எழுதியிருக்கிறேன். "கடந்த மாதம்" என்ற சொல்லையும் எடுத்துவிட்டேன். நீர் ஜூலையில் எழுதத் தொடங்கியபோது அது சரியாக இருந்தது. ஓகஸ்ட் மாதத்தில் வாசிப்பவருக்கு அது தவறான தகவல் ஆகிவிடும். திகதியையே எழுதினால் எப்போது வாசித்தாலும் மாறாது.

அடுத்ததைக் கவனமாகப் பாரும். இலக்கத்தில் 36,000 என்று எழுதிவிட்டு எழுத்தில் "முப்பத்தையாயிரம்" என்று எழுதியிருக்கிறீர். பற்றுச்சீட்டில் 36,000 என்றே இருக்கிறது, ஆகவே "முப்பத்தாறாயிரம்" என்று மாற்றியிருக்கிறேன். கணக்குப் பார்ப்பவர் இந்த ஓர் இடத்தில் தடுமாறினால், கடிதத்தில் இருக்கும் மற்றத் தொகைகளையும் சந்தேகத்தோடுதான் வாசிப்பார்.

மூன்று வசனங்களை முழுதாக நீக்கியிருக்கிறேன், அதற்கு உமது சம்மதம் வேண்டும். "உங்கள் காலில் விழுந்து கேட்கின்றேன்" என்ற வசனம் வேண்டாம். நீர் அந்தப் பாடசாலைக்குக் கடன்பட்டு நிற்பவர் அல்லர். நேர்மையாகக் கட்டணம் செலுத்திவந்த பெற்றோர், ஒரு விபத்தினால் சிறிது காலம் உதவி கேட்கிறீர். வேறொரு பிள்ளைக்குச் சலுகை கொடுத்ததாகக் கேள்விப்பட்டதை எழுதியதும் வேண்டாம். அது உண்மையாகவே இருந்தாலும், அந்தக் குடும்பத்தின் நிலைமை உமக்குத் தெரியாது, அவர்களுடைய காரியத்தை உமது கடிதத்தில் இழுப்பது நியாயமும் அல்ல. மூன்றாவது, நாட்டில் கல்வி இலவசம் என்று வாதாடிய வசனம். 1945 ஆம் ஆண்டு முதல் இலவசக் கல்வி நடைமுறையில் இருக்கிறது என்பது சரிதான், ஆனால் உதவி பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் 1960 ஆம் ஆண்டின் முடிவில் பொறுப்பேற்கத் தொடங்கியபோது சில பாடசாலைகள் தனியாகவே நின்றுகொண்டன. நீர் விரும்பித் தெரிந்தெடுத்தது அப்படியான ஒரு பாடசாலையை. அந்த வசனத்தை வாசிக்கும் அதிபர், அப்படியானால் அரசாங்கப் பாடசாலையில் சேர்க்கலாமே என்று நினைப்பதற்கு நீரே இடம் கொடுத்ததாக முடியும்.

பற்றுச்சீட்டுகளை மேசையில் பரப்பித் திகதி ஒழுங்கில் அடுக்கிப் பார்த்தேன். தர்ஷிகா 2022 இல் தரம் 6 இல் சேர்ந்தது முதல் இந்த ஆண்டு இரண்டாம் தவணை வரை பதினொரு தவணைகள். பதினொன்றுக்கும் பற்றுச்சீட்டு இருக்கிறது, ஒன்றேனும் பிந்தவில்லை. கடைசிப் பற்றுச்சீட்டின் திகதி விபத்துக்கு எட்டு நாளுக்கு முந்தியது. உமது கடிதத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கஷ்டத்தைச் சொல்லும் வேகத்தில் உமது பக்கத்தில் இருக்கும் மிக வலிமையான செய்தியை விட்டுவிட்டீர். கீழே அதை விபத்துக்கு முன்பாகவே வைத்திருக்கிறேன்.

"தங்களால் இயன்ற சலுகையைத் தருமாறு" என்பதையும் மாற்றியிருக்கிறேன். இப்படியான விண்ணப்பத்தை அதிபர் தனியே தீர்மானிக்காமல் நிர்வாக சபையின் முன் வைக்கக்கூடும். உம்மை ஒரு நாளும் கண்டிராத அவர்களுக்கு எவ்வளவு, எத்தனை தவணைக்கு, மிகுதியை எப்போது செலுத்துவீர் என்பது தாளிலேயே தெரிய வேண்டும். பாதித் தொகையும் இரண்டு தவணையும் என்று நீர் என்னிடம் வாயால் சொன்னதையே எழுதியிருக்கிறேன். மாதம் ஆறாயிரம் உமக்குக் கடினம் என்றால் இன்றே சொல்லும், எழுதிக் கொடுத்த பிறகு மாற்றக்கூடாது.

நீர் எழுதிவிட்டுப் பிறகு வெட்டிய ஒரு வசனத்தை மட்டும் திரும்பச் சேர்த்திருக்கிறேன். கட்டணத்தைப் பற்றி அறிந்த நாள் முதல் பிள்ளை தனது சைக்கிள் திருத்தக் காசு கேட்காமல் நடந்தே போய் வருகிறாள் என்பது அது. நீர் வெட்கப்பட்டு வெட்டியிருக்கக் கூடும். அந்த வசனம் இரக்கத்தைக் கேட்கவில்லை, நடந்ததைச் சொல்கிறது, அதனால் இருக்கட்டும்.

திருத்திய கடிதம் இது:

யோ. சுகந்தி,
கோயில் ஒழுங்கை,
கொக்குவில் கிழக்கு,
கொக்குவில்.
20.08.2025

அதிபர் அவர்கள்,
மகளிர் கல்லூரி,
யாழ்ப்பாணம்.

அம்மணி,

கல்விக் கட்டணச் சலுகை கோரல்
மாணவி: யோகராசா தர்ஷிகா, தரம் 9 ஆ, சேர்விலக்கம் 8417

மேற்படி மாணவியின் தாயாகிய நான், 2025 ஆம் ஆண்டின் மூன்றாம் தவணைக்கும் 2026 ஆம் ஆண்டின் முதலாம் தவணைக்கும் உரிய கல்விக் கட்டணத்தில் அரைப்பங்கைச் சலுகையாக வழங்குமாறு தங்களைப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கின்றேன்.

எனது மகள் 2022 ஆம் ஆண்டில் தரம் 6 இல் தங்கள் கல்லூரியில் சேர்ந்தது முதல் இவ்வாண்டின் இரண்டாம் தவணை வரையான பதினொரு தவணைகளுக்குமுரிய கட்டணத்தை நாம் உரிய காலத்தில் முழுமையாகச் செலுத்தியுள்ளோம்.

எனது கணவர் மேசன் தொழில் செய்பவர். 11.06.2025 அன்று கோண்டாவிலில் ஒரு வீட்டு வேலையின்போது அவர் சாரத்திலிருந்து தவறி விழுந்தார். அவரது வலது தொடை எலும்பு முறிந்தமையால் யாழ். போதனா வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை செய்யப்பட்டு உலோகத் தகடு பொருத்தப்பட்டது. ஆறு மாதங்களுக்குப் பாரம் தூக்கவோ உயரத்தில் ஏறவோ கூடாது என வைத்தியர்கள் அறிவுறுத்தியுள்ளனர். அவர் நாட்கூலியாக ரூபா 4,500 வீதம் மாதத்தில் ஏறத்தாழ 22 நாட்கள் உழைத்துவந்த வருமானம் அன்று முதல் முற்றாக நின்றுள்ளது. தற்போது நான் வீட்டில் தையல் தைத்துப் பெறும் மாத வருமானமான ஏறத்தாழ ரூபா 28,000 மட்டுமே எமது நால்வரின் சீவியத்துக்கும் மருந்துச் செலவுக்கும் உள்ளது. எனது இளைய மகன் அரசாங்கப் பாடசாலையில் தரம் 4 இல் கற்கின்றான்.

ஒரு தவணைக்குரிய கட்டணம் ரூபா 36,000 (முப்பத்தாறாயிரம்) ஆகும். சலுகை வழங்கப்படுமிடத்து, மூன்றாம் தவணைக்கான மிகுதி ரூபா 18,000 (பதினெண்ணாயிரம்) ஐ செப்ரெம்பர், ஒக்ரோபர், நவம்பர் ஆகிய மாதங்களின் இறுதி நாளுக்கு முன்னர் ரூபா 6,000 வீதம் மூன்று பகுதிகளாகச் செலுத்துவேன். அடுத்த ஆண்டின் முதலாம் தவணைக்கான மிகுதியையும் இவ்வாறே மூன்று மாதங்களில் செலுத்த அனுமதிக்குமாறு வேண்டுகின்றேன். 2026 ஆம் ஆண்டின் இரண்டாம் தவணை முதல் முழுக் கட்டணத்தையும் வழமைபோல் செலுத்துவோம்.

மகள் கடந்த தவணையில் வகுப்பில் நான்காம் நிலை பெற்றுள்ளதுடன், தமிழ்மொழித் தினக் கட்டுரைப் போட்டியில் வலய மட்டத்தில் இரண்டாம் இடமும் பெற்றுள்ளாள். எமது நிலைமையை அறிந்த நாள் முதல், பழுதடைந்த தனது சைக்கிளைத் திருத்தப் பணம் கேளாது நடந்தே பாடசாலைக்குச் சென்று வருகின்றாள். அவளது கல்வி இதே கல்லூரியில் தடையின்றித் தொடர வேண்டும் என்பதே எமது விருப்பம்.

வைத்தியசாலை வழங்கிய நோய் விபர அட்டையின் பிரதி, கிராம அலுவலர் வழங்கிய வருமானச் சான்றிதழ், பதினொரு பற்றுச்சீட்டுகளின் பிரதிகள், கடந்த தவணைத் தேர்ச்சி அறிக்கையின் பிரதி ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். தாங்கள் நேரில் விசாரிக்க விரும்பின், குறிக்கும் நாளில் சமுகமளிக்கத் தயாராக உள்ளேன். தவணை தொடங்கிய பின் விண்ணப்பிக்க நேர்ந்த தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகின்றேன்.

நன்றி.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
யோ. சுகந்தி

இதில் ஒவ்வொரு தொகையையும் உமது வாயால் ஒரு முறை சொல்லிப் பாரும். நீர் சொல்லாத எதையும் நான் சேர்த்திருந்தால், எழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டிவிடும். அதிபர் எதிரில் இருத்திக் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீர்தான். வருமானச் சான்றிதழில் கிராம அலுவலர் எழுதியிருக்கும் தொகையும் கடிதத்தில் இருக்கும் 28,000 உம் ஒன்றாக இருக்க வேண்டும், வேறுபட்டால் சான்றிதழில் உள்ளதைப் பின்பற்றும். பற்றுச்சீட்டுகளின் மூலப் பிரதியைக் கொடுக்க வேண்டாம், நிழற்பிரதி மட்டும் போதும். கடிதத்திலும் ஒரு நிழற்பிரதி எடுத்து, அலுவலகத்தில் கொடுக்கும்போது அந்தப் பிரதியில் பெற்றுக்கொண்ட திகதியும் ஒப்பமும் வாங்கி வைத்துக்கொள்ளும்.

ரின் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நாளைக் காலை நல்ல படியை எழுதிக்கொண்டு ஏழு மணிக்கு முன் வந்தீர் என்றால், கடைசியாக ஒரு முறை சேர்ந்து வாசித்துவிட்டு அனுப்பலாம். சைக்கிளையும் தர்ஷிகாவிடம் கொடுத்தனுப்பும். முன் சில்லுக்கு ரியூப் மாற்றினால் போதும் என்று நினைக்கிறேன், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உமக்குத் தமிழ் படிப்பித்த ரீச்சர்