உள் தணிக்கை அறிக்கைக்குக் கொள்முதல் மற்றும் பண்டகசாலைத் துறையின் பதில்

அனுப்புநர்:
துறைத் தலைவர்,
கொள்முதல் மற்றும் பண்டகசாலைத் துறை.

பெறுநர்:
முதன்மை உள் தணிக்கை அலுவலர்,
உள் தணிக்கைப் பிரிவு.

நாள்: 05.08.2024

ஐயா,

பொருள்: 2024 ஜனவரி முதல் ஜூன் வரையிலான காலத்துக்கான உள் தணிக்கை – வரைவு அறிக்கையின் ஏழு பத்திகளுக்கும் துறையின் பதில் அளித்தல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் வரைவு அறிக்கை, உ.த./பண்டகம்/07/2024, நாள் 22.07.2024.

பார்வையில் கண்ட வரைவு அறிக்கையை நானும் என் துறை அலுவலர்களும் பத்தி பத்தியாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய மூல ஆவணங்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தோம். 1, 3, 7 ஆகிய பத்திகளை முழுமையாக ஏற்கிறோம். 4, 5, 6 ஆகியவற்றை ஓரளவு ஏற்கிறோம். பத்தி 2-இன் முடிவை மட்டும் எங்களால் ஏற்க இயலவில்லை; ஒரு பணியாளரின் நேர்மையைத் தொடும் முடிவு அது என்பதால் அதற்கான விளக்கத்தைச் சற்று விரிவாகவே எழுதியுள்ளேன்.

பத்தி 1: விடுப்புக் காலத்தில் அளிக்கப்பட்ட ஒப்புதல்கள்

துணைத் தலைவர் 06.05.2024 முதல் 17.05.2024 வரை விடுப்பில் இருந்தபோது அவருடைய பயனர் கணக்கிலிருந்து 11 சீட்டுகளுக்கு ஒப்புதல் தரப்பட்டுள்ளதாகத் தணிக்கை கூறுகிறது. அது உண்மை. கணினிப் பிரிவிடமிருந்து முழுப் பதிவையும் கேட்டுப் பெற்றுப் பார்த்ததில், அந்த எண்ணிக்கை 11 அல்ல, 14 என்று தெரிந்தது. தங்கள் மாதிரித் தேர்வில் வராத மூன்று சீட்டுகளையும் சேர்த்து இணைப்பு 1-இல் கொடுத்துள்ளேன்.

வேலை தடைப்படக் கூடாது என்ற எண்ணத்தில் அவர் தம் கடவுச்சொல்லைக் கொள்முதல் உதவியாளரிடம் கொடுத்துச் சென்றிருக்கிறார். அந்த 14 சீட்டுகளையும் நானே மீண்டும் சரிபார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஆதாரச் சீட்டுகள் உள்ளன, கூடுதலாக எதுவும் வாங்கப்படவில்லை. ஆனால் அதைக் காரணம் காட்டி இந்தப் பிழையைச் சிறிதாக்க நான் விரும்பவில்லை. சீட்டைத் தயாரித்தவரே அதற்கு ஒப்புதலும் அளித்திருக்கிறார் என்னும்போது, அந்த ஒப்புதலுக்குப் பொருளே இல்லாமல் போகிறது. விடுப்பில் செல்பவரின் அதிகாரத்தை இன்னொரு அலுவலருக்குத் தற்காலிகமாக மாற்றித் தரும் வசதி மென்பொருளிலேயே இருக்கிறது; அதை இயக்கி வைத்திருக்க வேண்டியவன் நான். அந்தப் பொறுப்பு உதவியாளருடையது அல்ல, என்னுடையது. எல்லாக் கடவுச்சொற்களும் 24.07.2024 அன்று மாற்றப்பட்டன. அதிகார மாற்ற வசதியும் அன்றே இயக்கப்பட்டது. விடுப்பு விண்ணப்பத்தில் மாற்று அலுவலரின் பெயர் இல்லையென்றால் இனி நான் கையெழுத்திடுவதில்லை.

பத்தி 2: ஆயில் சீல் இருப்பில் 312 எண்ணிக்கை குறைவு

28.06.2024 அன்று தணிக்கைக் குழு எண்ணியபோது ரேக்கில் 228 ஆயில் சீல்கள் இருந்தன என்பதும், அன்று காலை 11.05 மணிக்கு எடுக்கப்பட்ட கணினி இருப்பறிக்கை 540 என்று காட்டியது என்பதும் சரியே. எங்கள் பண்டகக் காப்பாளரும் உடனிருந்து எண்ணிக்கைத் தாளில் கையெழுத்திட்டுள்ளார். வேறுபாடான 312 சீல்களைக் ‘காணாமற்போன பொருள்’ என்று கொண்டு, அவற்றின் மதிப்பைக் காப்பாளரிடமிருந்து வசூலிக்கலாம் என்ற பரிந்துரையைத்தான் மறுக்கிறோம்.

18.06.2024 அன்று இந்தப் பொருள் 24 எண்ணிக்கை வந்து சேர்ந்தது. 12 சீல்கள் கொண்ட பெட்டிகள் இரண்டு. கொள்முதல் ஆணையில் 24 என்று இருக்கிறது. வழங்குநரின் விலைப்பட்டியலில் 24 என்று இருக்கிறது. வாயிற்பதிவேட்டில் ‘அட்டைப்பெட்டி 2’ என்று காவலர் எழுதியிருக்கிறார். கணக்குப் பிரிவு பணம் கொடுத்ததும் 24-க்குத்தான். சரக்கு வரவுச் சீட்டைக் கணினியில் ஏற்றியபோது மட்டும், அளவு அலகில் ‘எண்ணிக்கை’ என்று தேர்வு செய்வதற்குப் பதிலாக ‘பெட்டி’ என்று தேர்வாகிவிட்டது. 24 பெட்டிகள் எனக் கொண்டு மென்பொருள் 12-ஆல் பெருக்கி 288 சீல்களை இருப்பில் சேர்த்துவிட்டது. கூடுதலாக ஏறிய 264 சீல்கள் இந்த வளாகத்துக்குள் எப்போதும் வந்ததே இல்லை.

மீதமுள்ள 48 சீல்கள் 28.06.2024 அன்று காலை 9.10 மணிக்குப் பணிமனைக்கு வழங்கப்பட்டன. வழங்கல் சீட்டில் பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தும் நேரமும் உள்ளன. அந்தச் சீட்டு அன்று பிற்பகல் 3.40 மணிக்குத்தான் கணினியில் பதிவானது. தங்கள் குழு இருப்பறிக்கையை எடுத்தபோது, பொருள் ரேக்கை விட்டுப் போயிருந்தது, கணக்கை விட்டுப் போகவில்லை. 264-உம் 48-உம் சேர்ந்தால் 312.

இதற்கெல்லாம் மேலாக ஒரு சான்று உண்டு. அந்த ரேக்கில் கயிற்றில் கட்டித் தொங்கும் பின் கார்டைக் காப்பாளர் கணினியைப் பார்த்து எழுதுவதில்லை. பொருளைக் கையில் வாங்கும்போதும் கொடுக்கும்போதும் எழுதுகிறார். அதன் கடைசி வரிகள் இப்படி இருக்கின்றன: இருப்பு 252, வரவு 24, இருப்பு 276, வழங்கல் 48, இருப்பு 228. மூன்று வரிகளிலும் தேதியும் சுருக்கொப்பமும் உள்ளன. எண்ணத் தொடங்கும் முன்பே அந்த அட்டையின் படத்தைத் தங்கள் குழுவினரே எடுத்திருக்கிறார்கள். வரைவு அறிக்கையின் பின்னிணைப்பில் அது இருக்கிறது. தணிக்கைக் குழு எண்ணிக் கண்ட அதே 228-ஐ, அவர்கள் எண்ணுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தம் கையால் எழுதி வைத்திருந்தவரைத்தான் இந்தப் பரிந்துரை குறைவுக்குப் பொறுப்பாக்குகிறது.

எங்கள் பக்கத்துப் பிழை எது என்பதையும் சொல்லியாக வேண்டும். வரவுப் பதிவைக் காப்பாளர் செய்யவில்லை, அலுவலகத்தில் செய்தோம். அதை இன்னொருவர் சரிபார்க்கவில்லை. ஆணையின் அளவும் வரவின் அளவும் ஒத்துவராவிட்டால் பதிவைத் தடுத்து நிறுத்தும் கட்டுப்பாடு இந்தப் பொருள் வகைக்கு இயக்கப்படாமலே இருந்தது. 18.06.2024 முதல் பத்து நாள்கள் கணக்கு தவறாக நின்றதை ஒருவரும் கவனிக்கவில்லை. இவற்றை ஏற்கிறோம். இரண்டு அலகுகளில் கையாளப்படும் 164 பொருள்களையும் பின்னர் சோதித்ததில், இதே வகைப் பிழை மேலும் மூன்றில் இருந்தது. அவற்றைத் திருத்திய விவரம் இணைப்பு 2-இல் உள்ளது. ஆகவே இப்பத்தியை ‘இருப்புக் குறைவு’ என்பதற்குப் பதிலாக ‘வரவுப் பதிவில் அளவு அலகுப் பிழையும் காலவரம்புப் பிழையும்’ என்று திருத்தி, வசூல் பரிந்துரையை நீக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பதினொரு ஆண்டுகளாக அந்தச் சாவியை வைத்திருப்பவர் அவர். வரைவு அறிக்கை வந்த நாளிலிருந்து தலைகுனிந்து வேலைக்கு வருகிறார். இதை இங்கே எழுதுவது முறையா என்று யோசித்தேன்; எழுத வேண்டும் என்றே தோன்றியது.

பத்தி 3: காலாண்டு நேரடி இருப்புச் சரிபார்ப்பு

முதல் காலாண்டுச் சரிபார்ப்பு நடத்தப்படவில்லை. அதற்கு ஏற்கத்தக்க காரணம் ஏதும் எங்களிடம் இல்லை. செப்டம்பர் இறுதிக்குள் எல்லா ரேக்குகளும் எண்ணி முடிக்கப்படும். எண்ணும் நாளில் வழங்கலும் வரவும் நிறுத்தி வைக்கப்படும்.

பத்தி 4: கொள்முதல் ஆணைகளைப் பிரித்தல்

ஒப்புதல் வரம்பைத் தவிர்க்கும் நோக்குடன் மூன்று இணை ஆணைகள் பிரித்து வழங்கப்பட்டதாகப் பத்தி கூறுகிறது. அவற்றுள் பெயின்ட் கொள்முதல் தொடர்பான இணையை ஏற்கிறோம். ஒரே பிரிவு ஒரே நாளில் அனுப்பிய இரண்டு தேவைப்பட்டியல்களை ஒன்றாகச் சேர்த்திருக்க வேண்டும்; சேர்க்கவில்லை. வரம்பைத் தவிர்க்கும் எண்ணம் இருந்ததாக நான் கருதவில்லை. ஆனால் அந்த எண்ணம் இல்லை என்று காட்டவும் என்னிடம் ஆவணம் இல்லை என்பதால் அங்கே வாதிடவில்லை.

மின்கம்பி தொடர்பான இரண்டு இணைகளின் நிலை வேறு. முதல் இணையில், பராமரிப்புப் பிரிவின் 02.04.2024 தேதியிட்ட தேவைப்பட்டியலுக்கு 15.04.2024 அன்று ஆணை வழங்கப்பட்டது. அடுத்த நாள் நீரேற்று அறையில் கம்பி கருகிப்போனது. அதற்கான தேவைப்பட்டியல் 17.04.2024 அன்று வந்து, 19.04.2024 அன்று இரண்டாம் ஆணை போனது. முதல் ஆணை வெளியான நாளில் இரண்டாவது தேவையே எழவில்லை. எழாத ஒன்றை எதனுடன் சேர்ப்பது? நீரேற்று அறையின் பழுதுப் பதிவேட்டுப் பக்கம் இணைப்பு 3-இல் உள்ளது. இரண்டாம் இணையில் ஒன்று 16 சதுர மில்லிமீட்டர் நான்கு இழைக் கம்பி, மற்றொன்று 2.5 சதுர மில்லிமீட்டர் மூன்று இழைக் கம்பி. கேட்ட பிரிவுகளும் வேறு, நிறுவும் இடங்களும் வேறு. நான்கு ஆணைகளுமே கொள்முதல் குழு முன்னரே ஒப்புதல் அளித்த ஆண்டு விலை ஒப்பந்தத்தின் கீழ் வந்தவை. விலையையும் வழங்குநரையும் குழுவே முடிவு செய்துவிட்ட பிறகு, அதே குழுவைத் தவிர்ப்பதால் எவருக்கும் ஆதாயம் இல்லை. இந்த இரண்டு இணைகளையும் பத்தியிலிருந்து நீக்கக் கோருகிறேன்.

பத்தி 5: விலைப்புள்ளிகள் இல்லாத கோப்புகள்

தேர்வு செய்யப்பட்ட 20 கோப்புகளில் 6-இல் மூன்று விலைப்புள்ளிகள் இல்லை என்பது, கோப்பைப் பார்த்தவர்களுக்குச் சரியான முடிவே. அவற்றுள் 4 கோப்புகளுக்கு உரிய விலைப்புள்ளிகள் துறையின் மின்னஞ்சல் பெட்டியில், ஆணை வழங்கிய தேதிக்கு முந்தைய தேதிகளிலேயே வந்து கிடக்கின்றன. அனுப்பியவர், நேரம் ஆகிய விவரங்களுடன் அச்செடுத்து இணைப்பு 4-இல் வைத்துள்ளேன். மற்ற 2 கோப்புகளுக்குத் தேடியும் கிடைக்கவில்லை. அவற்றை ஏற்கிறோம்.

பத்தி 6: அவசரக் கொள்முதலுக்குப் பின்னேற்பு

மூன்று வேலைநாள்களுக்குள் பின்னேற்பு பெறாதவை 9 எனத் தணிக்கை கணக்கிட்டுள்ளது. கொள்முதல் விதி வேலைநாள்களைத்தான் சொல்கிறது. இடையில் வந்த விடுமுறைகளைக் கழித்தால் 2 கொள்முதல்கள் மூன்றாம் வேலைநாளிலேயே ஏற்பு பெற்றவை. மீதி 7 தாமதமானவையே.

பத்தி 7: கழிவுப் பொருள் பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்து விடுபட்டது

ஏற்கிறோம். காவல் பிரிவு அலுவலரின் கையெழுத்து இல்லாமல் கழிவுப் பொருள் வண்டி இனி வாயிலைத் தாண்டாது.

இறுதி அறிக்கை வெளியாகும் முன், பத்தி 2-க்கான மூல ஆவணங்களைத் தங்கள் குழுவினர் நேரில் பார்க்க வேண்டும் என்பதே என் முதன்மையான வேண்டுகோள். வரவுச் சீட்டு, வாயிற்பதிவேடு, வழங்கல் சீட்டு, பின் கார்டு ஆகிய நான்கையும் 09.08.2024 வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்குப் பண்டகசாலையில் ஒரே மேசையில் எடுத்து வைத்திருப்பேன். அதே ரேக்கை மீண்டும் ஒருமுறை கூட்டாக எண்ணவும் ஏற்பாடு செய்துள்ளேன். அன்று முழுவதும் அந்த ரேக்கிலிருந்து எதுவும் வழங்கப்படாது.

இப்படிக்கு,
துறைத் தலைவர்,
கொள்முதல் மற்றும் பண்டகசாலைத் துறை.

நகல்: நிதிப் பிரிவுத் தலைவர்; பண்டகக் காப்பாளர்.