விளையாட்டு விழா மைக் ஸ்கிரிப்ட்: நொடியைச் சொல்லி வேகத்தையும் சொல்ல

மேசைக்கு மட்டும்

மைக்கில் ஒருவர், கணக்குக்கு ஒருவர். டைம் கீப்பர் சீட்டு முதலில் கணக்குக்காரர் கைக்குப் போக வேண்டும். பக்கத்தில் வேகம் எழுதிய பிறகே மைக்குக்கு வரும். மைக்கில் இருப்பவர் மனக்கணக்குப் போட வேண்டாம்; எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கூட்டத்தின் முன்னால் தசமப் புள்ளி இடம் மாறிவிடும்.

ஓடிய தூரத்துக்கு உரிய எண்ணை நொடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று நேராகக் கிடைக்கும்:

50 மீ: 180
100 மீ: 360
200 மீ: 720
400 மீ, 4×100 தொடர் ஓட்டம்: 1440
800 மீ: 2880
1500 மீ: 5400

மீட்டரை 3.6ஆல் பெருக்கினால் வரும் எண்கள்தான் இவை. விடையை ஒரு தசமத்தோடு நிறுத்துங்கள். கை வாட்ச் பத்தில் ஒரு நொடி வரைதான் சொல்கிறது. 100 மீட்டரில் 12.0க்கும் 12.1க்கும் இடையிலேயே மணிக்கு கால் கிலோமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். 29.752 என்று வாசிப்பது நம்மிடம் இல்லாத துல்லியம்.

நிமிடம் வரும் ஓட்டங்களில் கவனம். சீட்டில் 2.40.0 என்றால் 2 நிமிடம் 40 நொடி, அதாவது 160 நொடி. கால்குலேட்டரில் 2.4 என்று அப்படியே அடித்தால் 1200 வரும். கிட்டத்தட்ட ஒலியின் வேகம் என்பதால் யாரும் ஏமாற மாட்டோம். 2.4 நிமிடம் என்று எடுத்து 144 நொடியாக மாற்றுவதுதான் ஆபத்து. 18.0 வர வேண்டிய இடத்தில் 20.0 வரும், பார்வைக்குச் சரியாகவே இருக்கும். நிமிடத்தை 60ஆல் பெருக்கி நொடியைக் கூட்டிவிட்டு, பிறகு கால்குலேட்டரைத் தொடுங்கள்.

100 மீட்டரில் 32க்கு மேல் வந்தால் சீட்டைத் திருப்பி அனுப்பிக் கேளுங்கள்.

தொடக்கம், பிற்பகல் 2.30

மைக்: அனைவருக்கும் வணக்கம். மாடியில் நிற்கும் மாணவர்கள் கைப்பிடிச் சுவரை விட்டு இரண்டடி பின்னால் வாருங்கள். பெற்றோர்கள் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே பந்தலுக்குள் அமருங்கள். இன்று குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நான்கு அணிகள். பாலைக்கு அணி இல்லை. இந்த வெயிலில் மைதானமே பாலைதான்.

மைக்: ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் நேரத்தோடு வேகத்தையும் சொல்வோம். எப்படிக் கணக்கிடுகிறோம் என்று ஒரு தடவை கேளுங்கள். ஒருவர் 100 மீட்டரை 12 நொடியில் ஓடுகிறார். ஒரு மணி நேரத்துக்கு 3600 நொடி. அதில் எத்தனை 12 நொடி? 300. முந்நூறு தடவை 100 மீட்டர் என்றால் 30,000 மீட்டர், அதாவது 30 கிலோமீட்டர். ஆக, அவர் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். ஒரு மணி நேரம் அப்படி ஓட யாராலும் முடியாது; ஓடியவரை அந்த வேகம் என்று பொருள்.

காலை நடந்த 1500 மீட்டர் முடிவு

மைக்: வெயிலுக்கு முன்னால் காலை ஆறரை மணிக்கே முடிந்த மேல்நிலை மாணவர் 1500 மீட்டர். நம் டிராக் 200 மீட்டர் என்பதால் ஏழரைச் சுற்று. முதலிடம் முல்லை அணி, செஸ்ட் நம்பர் 41. நேரம் 4 நிமிடம் 38.5 நொடி. வேகம் மணிக்கு 19.4 கிலோமீட்டர். இரண்டாமிடம் நெய்தல், செஸ்ட் நம்பர் 63. 4 நிமிடம் 41.2 நொடி, வேகம் 19.2. வேகத்தில் 0.2தான் வித்தியாசம். கோட்டில் பார்த்தால் 14 மீட்டர் இடைவெளி!

மைக்: ஒப்பிட ஒரு கணக்கு. கென்யாவின் கெல்வின் கிப்டம் 2023இல் சிகாகோ மாரத்தானை 2 மணி 35 நொடியில் முடித்தார். 42.195 கிலோமீட்டருக்கும் சராசரி வேகம் மணிக்கு 21. நம் சாம்பியன் ஏழரைச் சுற்றுக்கு ஓடிய வேகத்தைவிட அது அதிகம். 1500 மீட்டருக்கு 4 நிமிடம் 17 நொடி என்ற கணக்கில் 28 தடவை, நிற்காமல்! முல்லை 41 இதைக் கேட்டு வருத்தப்பட வேண்டாம். அவருக்கு வயது 17.

(மேசைக்கு: நெய்தல் 63 பல சுற்றுகளில் வெளிப்பக்கமாக ஓடியவர். வளைவுகளில் ஒரு மீட்டர் வெளியே ஓடினால் சுற்றுக்கு 6.28 மீட்டர் கூடும். ஏழரைச் சுற்றுக்கு 47 மீட்டர். அவர் கால் ஓடிய தூரம் 1500ஐவிட அதிகம். ஆனால் நாம் 1500ஐ வைத்தே வேகம் சொல்ல வேண்டும். யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம், மைக்கில் வேண்டாம்.)

100 மீட்டர், மேல்நிலை மாணவர் ஃபைனல்

மைக்: முதல் லேனில் குறிஞ்சி 12, இரண்டாவது லேனில் நெய்தல் 58, மூன்றாவது லேனில் மருதம் 27, நான்காவது லேனில் முல்லை 44. நேற்று ஹீட்ஸில் வேகமான நேரம் மருதம் 27 உடையது: 11.8 நொடி, மணிக்கு 30.5 கிலோமீட்டர். ஸ்டார்ட்டர் தயார். எல்லோரும் அமைதி.

(மைக்கை அணைக்கவும். கிளாப்பர் அடிக்கும் வரை ஒரு சொல்லும் கூடாது.

டைம் கீப்பர்களுக்கு முன்பே சொல்லி வையுங்கள்: கிளாப்பர் சத்தத்தைக் கேட்டு வாட்சை அழுத்தக் கூடாது, பலகைகள் சேருவதைப் பார்த்து அழுத்த வேண்டும். சத்தம் 100 மீட்டர் வந்து சேர ஏறக்குறைய 0.3 நொடி ஆகும். உண்மையில் 11.8 ஓடியவர் சீட்டில் 11.5 ஆகிவிடுவார், வேகம் 30.5இலிருந்து 31.3க்கு ஏறும். முடிவுக் கோட்டில் தலை, கை, கால் கணக்கில்லை. மார்பு கோட்டைத் தொடும் நொடிதான்.)

சீட்டு வரும்வரை மைக்: உசைன் போல்ட் 2009இல் பெர்லினில் 9.58 நொடியில் ஓடினார். 360ஐ 9.58ஆல் வகுத்தால் 37.6. ஆனால் அவர் 44 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினார் என்றும் கேட்டிருப்பீர்கள். இரண்டும் சரி. 60ஆவது மீட்டருக்கும் 80ஆவது மீட்டருக்கும் நடுவே உள்ள 20 மீட்டரை 1.61 நொடியில் கடந்தார். அந்த இடத்தில் மட்டும் வேகம் 44.7. புறப்படும்போது யாருக்கும் வேகம் பூஜ்யம்தான், அதையும் சேர்த்த சராசரி 37.6. நாங்கள் இங்கே சொல்வது எல்லாம் சராசரி. மருதம் 27 நடு ஓட்டத்தில் 30.5ஐவிட வேகமாகவே பறந்திருப்பார். அதை அளக்க எங்களிடம் கருவி இல்லை.

சீட்டைப் பார்த்து வாசிக்க, மாணவர்: 11.6 என்றால் 31.0. 11.7 என்றால் 30.8. 11.8க்கு 30.5. 11.9க்கு 30.3. 12.0க்கு சரியாக 30. 12.1க்கு 29.8. 12.2க்கு 29.5. 12.3க்கு 29.3. 12.4க்கு 29.0.

மாணவியர்: 13.4க்கு 26.9. 13.5க்கு 26.7. 13.6க்கு 26.5. 13.7க்கு 26.3. 13.8க்கு 26.1. 13.9க்கு 25.9. 14.0க்கு 25.7.

முதல் மூவருக்கு மட்டும் வேகம் வாசித்தால் போதும். கடைசியாக வந்த பிள்ளையின் வேகத்தை மைக்கில் சொல்லாதீர்கள். மாணவர் வேகத்தையும் மாணவியர் வேகத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும் வேண்டாம்.

மாவட்டப் போட்டி நேரத்தோடு ஒப்பிட்டு, "நம்ம பையன் அங்கே ஜெயித்திருப்பான்" என்று சொல்லிவிடாதீர்கள். அங்கே மின்னணு நேரம் எடுத்திருந்தால் நம் கை நேரத்தோடு 0.24 நொடி கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். 11.8 அப்போது 12.04, வேகம் 29.9.

200 மீட்டர்

மைக்: ஹீட்ஸில் சிறந்த நேரம் 24.6 நொடி, வேகம் 29.3. வளைவு இறுக்கமான டிராக்கில் இது நல்ல ஓட்டம்.

400 மீட்டர்

மைக்: இரண்டு சுற்று. ஹீட்ஸில் மாணவர் நேரம் 54.8, வேகம் 26.3. மாணவியர் 1 நிமிடம் 6 நொடி, வேகம் 21.8. 1960 ரோம் ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்த மில்கா சிங்கின் நேரம் கை வாட்சில் 45.6, மின்னணுக் கருவியில் 45.73. வேகம் முதலாவதில் 31.6, இரண்டாவதில் 31.5. அதே ஓட்டம், அதே கால்கள்.

மைக்: 1984 லாஸ் ஏஞ்சல்ஸ். 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42. மூன்றாவதாக வந்தவர் 55.41. வேகத்தைக் கணக்கிட்டால் இருவருக்கும் மணிக்கு 26.0 கிலோமீட்டர்! நூறில் ஒரு நொடி என்பது அந்த வேகத்தில் 7 சென்டிமீட்டர், உங்கள் விரல்களில் நான்கைச் சேர்த்து வைத்த அகலம். அதனால்தான் யார் முதலில் என்பதை நேரமும் கோட்டு நடுவர்களும் முடிவு செய்கிறார்கள். வேகம் உங்கள் ரசனைக்கு.

800 மீட்டர் மாணவியர்

மைக்: நான்கு சுற்று. நேற்றைய சிறந்த நேரம் 2 நிமிடம் 40 நொடி. வேகம் சரியாக 18. வீட்டுக்குப் போகும்போது சைக்கிளில் அந்த வேகத்தை எட்டிப் பாருங்கள், பிறகு தெரியும்.

4×100 தொடர் ஓட்டம்

மைக்: மருதம் அணியின் நால்வரும் தனித்தனியாக 100 மீட்டர் ஓடிய நேரம் 11.8, 12.4, 12.6, 12.9. கூட்டினால் 49.7 நொடி. ஆனால் நேற்று தொடர் ஓட்டத்தில் இவர்கள் எடுத்தது 48.0. அந்த 1.7 நொடி எங்கே போயிற்று? முதல் ஆள்தான் நின்ற இடத்திலிருந்து புறப்படுகிறார். மற்ற மூவரும் ஓடிக்கொண்டே பேட்டனை வாங்குகிறார்கள். அதனால் 29.0 ஆக இருக்க வேண்டிய வேகம் 30.0 ஆனது. 2012 லண்டனில் ஜமைக்கா அணி 36.84 நொடியில் ஓடியபோது வேகம் 39.1, போல்ட் தனியாக ஓடிய 37.6ஐவிட அதிகம்.

(பேட்டன் விழுந்தால் வேகத்தைப் பற்றிப் பேசாதீர்கள். "குறிஞ்சி எடுத்துவிட்டது, ஓட்டம் தொடர்கிறது" என்று மட்டும். மாற்று எல்லைக்கு வெளியே பேட்டன் கைமாறியிருந்தால் நடுவர் கொடி வரும்வரை இடம் அறிவிக்க வேண்டாம்.)

பெற்றோர் 50 மீட்டர்

மைக்: அம்மாக்கள், அப்பாக்கள் கோட்டுக்கு வரலாம். செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள், மணல் சூடாக இருக்கிறது. 9 நொடியில் முடித்தால் மணிக்கு 20 கிலோமீட்டர், 10 நொடி என்றால் 18, 12 நொடி என்றால் 15. முட்டி வலி உள்ளவர்கள் கைதட்ட வாருங்கள்.

முடிவு

மைக்: முடிவுகள் அலுவலகச் சுவரில் ஒட்டப்படும். அதிலும் சான்றிதழிலும் நேரம் மட்டுமே இருக்கும், வேகம் இருக்காது. நேரத்தில் சந்தேகம் உள்ள அணித் தலைவர்கள் பதினைந்து நிமிடத்துக்குள் பி.டி. சாரிடம் எழுத்தில் தரவும். பேட்டன்கள் நான்கும் மேசைக்கு வர வேண்டும். இப்போது மூன்றுதான் இருக்கிறது.