13ஆம் திகதி தவறின தண்ணி வன்மை பிராக்ரிக்கலை வியாழன் குறூப்போட செய்யலாமா அக்கா? (டெங்கு, மெடிக்கல் இணைச்சிருக்கு)

வணக்கம் அக்கா,

நான் தர்ஷிகா, கெமிஸ்ரி பிராக்ரிக்கல் செவ்வாய்க்கிழமை குறூப், ஜன்னல் பக்கம் இருக்கிற பெஞ்ச் 7. ஜனவரி 13 பின்னேரம் நடந்த ஈடிடிஏ நியமிப்புக்கு என்னால வர ஏலாமப் போச்சு, டெங்கு வந்து வார்ட்டில இருந்தனான். அண்டைக்கே எங்கட பெஞ்ச் பிள்ளையள் உங்களிட்டச் சொன்னவையாம், நீங்களும் சுகத்தைக் கேட்டனீங்களாம், அதுக்கு நன்றி அக்கா. வாற வியாழன் 22ஆம் திகதி மற்றக் குறூப்புக்கு இதே பிராக்ரிக்கல் இருக்கெண்டு அறிஞ்சன், அவையோட சேர்ந்து என்னையும் செய்ய விடுவீங்களோ எண்டு கேக்கத்தான் இந்த மெயில்.

நடந்தது என்னெண்டால், 10ஆம் திகதி சனி பின்னேரம் காய்ச்சல் தொடங்கினது, கண்ணுக்குப் பின்னால ஒரே குத்து, மூட்டு ஒண்டும் மடக்கேலாது. அம்மா பனடோலைத் தவிர வேற ஒரு குளிசையும் தரேல்லை, இந்த மழைக்காலத்தில காய்ச்சலெண்டால் இங்க எல்லாரும் முதல்ல டெங்குவைத்தானே நினைக்கிறது. திங்கள் காலமை இரத்தம் குடுத்துப் பாக்க டெங்கு எண்டே வந்திட்டுது, அப்பிடியே வார்ட்டில மறிச்சுப் போட்டினம். பொங்கலண்டு காய்ச்சல் இறங்க வீட்டில எல்லாருக்கும் சந்தோசம், ஆனா டொக்டர் சொன்னவர் காய்ச்சல் விட்டாப் பிறகு வாற ஒண்டு ரெண்டு நாள்தான் கூடக் கவனமாப் பாக்க வேணும், இரத்தக் குழாயில இருந்து நீர் கசியிறது அப்பதான் எண்டு. பிளேற்லெற் 48,000க்கு இறங்கினது. அந்த நேரம் குடிச்ச ஜீவனி, கஞ்சி, இளநி எல்லாம் கப்பில அளந்து, போற சலத்தையும் அளந்து, கட்டில் காலடியில தொங்கின தாளில மணித்தியாலக் கணக்கா நேர்ஸ் எழுதிக்கொண்டு இருந்தவா. பிறகு பிளேற்லெற் ஏறத் தொடங்க 17ஆம் திகதி துண்டு வெட்டி விட்டவை, 20 மட்டும் வீட்டில ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கினம். இப்ப சாப்பாடு இறங்குது, நடக்கிறன், களைப்பு மட்டும் இருக்கு.

டயக்னோசிஸ் கார்ட்டையும் மெடிக்கல் சேட்டிபிக்கற்றையும் ஸ்கான் பண்ணி இணைச்சிருக்கிறன். ஒறிஜினலை 21ஆம் திகதி புதன் காலமை கம்பஸ் மெடிக்கல் சென்ரரில குடுத்து, அவை கையெழுத்து வச்சுத் தந்தவுடன ஒரு கொப்பி உங்களிட்டக் கொண்டு வந்து தாறன். டெங்கு நுளம்பு குத்தித்தான் வாறது, ஆளில இருந்து ஆளுக்குத் தொத்தாது, அதால பக்கத்தில நிண்டு செய்யிற பிள்ளையள் ஒண்டும் யோசிக்கத் தேவையில்லை.

பெஞ்ச் பிள்ளையள் "எங்கட றீடிங்கைத் தாறம், நீ அதை வச்சுக் கணக்கைச் செய்து றிப்போட்டை எழுது, கஷ்டப்படாத" எண்டு சொன்னவை, அன்பிலதான் சொன்னவை, ஆனா எனக்கு அது மனசுக்குச் சரியாப் படேல்லை அக்கா. றீடிங் இருந்தாக் கணக்கு ஒருத்தருக்கும் வரும், 50 மில்லிலீற்றர் தண்ணிக்கு 0.01 மோலர் ஈடிடிஏ எத்தின மில்லிலீற்றர் போச்சோ அதை 20ஆல பெருக்கினா லீற்றருக்கு எத்தின மில்லிகிராம் கல்சியம் காபனேற்று எண்டு வந்திடும். ஆனா இந்த நியமிப்பில பழக வேண்டியது முடிவுப்புள்ளியைத்தானே. வைன் சிவப்பு சட்டெண்டு நீலமாகாது, இடையில ஒரு ஊதா வரும், அந்த ஊதாவில நிப்பாட்டினா றீடிங் குறையும், கடைசிக் கட்டத்தில தாக்கம் மெதுவா நடக்கிறதால ஒரு துளி விட்டுக் குலுக்கிப் பொறுத்துப் பாக்காமல் அடுத்த துளியை விட்டால் கூடும். இதெல்லாம் மனுவலில வாசிச்சு வச்சிருக்கிறன், எண்டாலும் சிவப்பு ஒரு பொட்டும் இல்லாத நீலம் எப்பிடியிருக்கும் எண்டு என்ர கண்ணால பாக்காட்டி இறுதிப் பிராக்ரிக்கல் சோதினையில என்னெண்டு நிப்பாட்டுறது?

மற்றது எங்கட கிணத்துத் தண்ணி. வீடு உரும்பிராயில, சுத்திவரச் செம்மண் தோட்டம், கீழ முழுக்கச் சுண்ணாம்புக்கல், எங்கட கேத்திலுக்குள்ள பாத்தா அடியில தடிப்பா வெள்ளைப் படை, மூலையில வெடிச்சுச் செதிலாக் கழருது. தலையில சவுக்காரம் போட்டாலும் நுரைக்காது. அவரவர் வீட்டுத் தண்ணியைக் கொண்டு வரச் சொல்லி நீங்கள் சொன்ன நாளில இருந்து இதைத்தான் கொண்டு வாறது எண்டு இருந்தனான். பச்சைத் தண்ணி ஒண்டு, அதே தண்ணியைக் கொதிக்க வச்சு ஆறவிட்டு வடிச்சது ஒண்டு, ரெண்டையும் நியமிச்சால் கேத்திலில படியிற அந்தத் தற்காலிக வன்மை எவ்வளவு, கொதிக்க வச்சும் போகாதது எவ்வளவு எண்டு பிரிச்சுப் பாக்கலாம்தானே. ரெண்டாவது கூடுதல் வேலை எண்டது விளங்குது, நேரம் காணாட்டி பச்சைத் தண்ணியை மட்டும் செய்யிறன். காய்ச்சலுக்கு முதல் பிடிச்சு பிரிட்ஜில வச்ச போத்தில் இன்னும் கிடக்கு, ஆனா அதுக்கு அமிலம் ஒண்டும் விடேல்லை, இவ்வளவு நாளில கொஞ்சம் படிஞ்சிருக்கும், அதால வியாழன் காலமை புதுசா அள்ளிக்கொண்டு வாறன்.

வியாழன் எண்டு கேக்கிறதுக்குக் காரணம், அண்டைக்கு பிஎச் 10 பஃபரும் எரியோகுறோம் பிளாக் ரீயும் நியமிச்ச ஈடிடிஏயும் எப்பிடியும் வெளியில இருக்கும், எனக்கெண்டு தனியாத் தயாரிச்சு ரெக்னிக்கல் ஒபிசருக்கும் உங்களுக்கும் கரைச்சல் தர வேண்டி வராது. ஒரு பியூரெட்டும் ஒரு ஓரமும் இருந்தாக் காணும், கனநேரம் நிக்கக் களைக்கும் எண்டதால ஒரு ஸ்ரூல் கிடைச்சால் உதவி. பெஞ்ச் எல்லாம் நிரம்பியிருந்தா அவை முடிச்சாப் பிறகு 4 மணிக்கு மேல செய்யிறதுக்கும் எனக்கு ஓம்தான், அப்பா வந்து கூட்டிக்கொண்டு போவார். வியாழன் சரிவராட்டி 23 வெள்ளி முழுக்க எனக்கு லெக்சர் இல்லை, நீங்கள் சொல்லுற நேரத்துக்கு வருவன். 27ஆம் திகதி எங்கட குறூப்புக்கு அடுத்த பிராக்ரிக்கல் தொடங்குது, அதுக்கு முதல் இதை முடிச்சால் நல்லது.

இதுக்கு பொறுப்பான லெக்சரரிட்ட அனுமதி எடுக்க வேணுமெண்டால் சொல்லுங்கோ அக்கா, அவருக்குத் தனியா ஒரு கடிதம் எழுதிக்கொண்டு புதன் போய்க் காணுறன். வரவு 80 வீதத்துக்குக் குறையாது, அதில பிரச்சினை இல்லை, ஆனா இந்தப் பிராக்ரிக்கலுக்கு உள்ள மாக்ஸ் போயிடுமோ எண்டது யோசினையாக் கிடக்கு. அண்டைக்குத் தொடக்கத்தில வச்ச சின்னக் குயிஸையும் எனக்கு வைப்பீங்களோ, அதுக்கும் படிச்சுக்கொண்டு வரட்டோ எண்டும் ஒரு வரி போடுங்கோ. றிப்போட்டைச் செய்த நாளில இருந்து ஒரு கிழமைக்குள்ள, அதாவது 29க்கு முதல், தந்திடுவன்.

புதன் பின்னேரத்துக்கு முதல் பதில் கிடைச்சால் லாப் கோட்டும் தண்ணிப் போத்திலும் ஆயத்தமா வச்சிருப்பன். மெயில் எழுத நேரமில்லாட்டி எங்கட பெஞ்ச் பிள்ளையளிட்டச் சொல்லிவிட்டாலும் காணும்.

நன்றி அக்கா.

இப்படிக்கு,
தர்ஷிகா
செவ்வாய் குறூப், பெஞ்ச் 7

இணைப்பு: டயக்னோசிஸ் கார்ட், மெடிக்கல் சேட்டிபிக்கற்