25-க்கு 18, 40-க்கு 26: எது நல்ல மதிப்பெண்?

பிள்ளை கணக்கில் 18, அறிவியலில் 26 வாங்கி வந்தால், அறிவியல்தான் நன்றாகச் செய்திருக்கிறது என்று சட்டென்று தோன்றும். ஆனால் கணக்குத் தேர்வு 25-க்கு, அறிவியல் 40-க்கு என்றால் கதையே வேறு, ஏனென்றால் மொத்தம் வேறு வேறாக இருக்கும்போது வெறும் எண்களை ஒப்பிட முடியாது. இரண்டையும் 100-க்கு எவ்வளவு என்று மாற்றிப் பாருங்கள்.

வாங்கிய மதிப்பெண்ணை மொத்தத்தால் வகுத்து, வருவதை 100-ஆல் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். 18 ÷ 25 = 0.72, அதாவது 72%. 26 ÷ 40 = 0.65, அதாவது 65%. கணக்குதான் மேல்! விடை 100-ஐத் தாண்டினால் பெரும்பாலும் தலைகீழாக வகுத்திருப்பீர்கள்.

சரி, எல்லாவற்றுக்கும் சேர்த்து எத்தனை சதவீதம்? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 10-க்கு 9 என்பது 90%, 100-க்கு 60 என்பது 60%, இரண்டின் சராசரி 75 என்று போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டால் சின்னத் தேர்வுக்கும் பெரிய தேர்வுக்கும் ஒரே எடை கொடுத்ததாகிவிடும். பள்ளி அப்படித்தான் கணக்கிடுகிறது என்றால் சரி, இல்லையென்றால் வாங்கியதைத் தனியாக, மொத்தத்தைத் தனியாகக் கூட்டுங்கள்: 69 ÷ 110, சுமார் 62.7%.

அப்புறம், பிள்ளையையே ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.