கனகபுரம் மேல்மாடி வீட்டுக்கான கூட்டு விண்ணப்பம்

கிளிநொச்சி
12.05.2025

மதிப்பிற்குரிய அம்மா,

ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்த உங்கள் மேல்மாடி வீட்டை நாங்கள் மூவரும் சேர்ந்து வாடகைக்குக் கேட்கிறோம்.

நான் தர்சினி, கரைச்சிப் பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். சொந்த இடம் மல்லாவி. சுகந்தி மாவட்டப் பொது வைத்தியசாலையில் தாதி. அவருக்கு இரவுக் கடமை உண்டு; விடியப்புறம் கேற் திறக்கிற சத்தம் உங்களை எழுப்பாமல் பார்த்துக்கொள்வார். புதுக்குடியிருப்புப் பிள்ளை நிலானி பரந்தனில் கணிதம் படிப்பிக்கிறார். நாலு வருடமாக ஒரே அறையில் இருந்து, ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டவர்கள் நாங்கள்.

வாடகை 36,000 ரூபாய். எங்களுக்குள் ஆளுக்கு 12,000. ஆனால் அது எங்கள் கணக்கு மட்டும்தான். உங்களுக்கு முழுத்தொகைக்கும் மூவருமே பொறுப்பு. ஒருவருக்குச் சம்பளம் பிந்தினால் மற்ற இருவரும் போட்டு, 5ஆம் திகதிக்குள் என் கணக்கிலிருந்து ஒரே தொகையாக அனுப்புவோம். அரச வேலையில் இடமாற்றம் எப்போதும் வரலாம். யாராவது போக நேர்ந்தால் ஒரு மாதம் முன்பே சொல்வோம்; நீங்கள் சம்மதிக்கிற ஒருவர் வரும்வரை மிச்சப்பேர் முழு வாடகையும் கட்டுவோம். ஒப்பந்தத்தில் இதை அப்படியே எழுதுங்கள், மூவரும் கையொப்பமிடுகிறோம். கரண்ட், தண்ணீர்ப் பில்லும் எங்களுடையதே.

மூன்று மாத முற்பணம் தயாராக இருக்கிறது. அடையாள அட்டைப் பிரதி, சம்பளப் பட்டியல், கிராம அலுவலர் சான்றிதழ் இணைத்துள்ளோம். முற்றத்து மாமரத்துக்கும் நாங்களே தண்ணீர் விடுவோம் அம்மா.

இப்படிக்கு,
தர்சினி, சுகந்தி, நிலானி