உங்கள் ஏ.பி.ஏ.ஆர். 2023-24: சுருக்கமும் என் கருத்தும்

தம்பி, நீங்கள் அனுப்பிய ஏ.பி.ஏ.ஆர்., அதாவது வருடாந்தரப் பணி மதிப்பீட்டு அறிக்கையின் பதினோரு பக்கத்தையும் படித்துவிட்டேன். பெரும்பாலும் நீங்களே எழுதிய சுயமதிப்பீடுதான். இதை எதிர்த்து முறையிடலாமா என்று முடிவு செய்ய உதவுவது கடைசி நான்கு பக்கம், அதை மட்டும் சொல்கிறேன்.

மதிப்பெண் 1 முதல் 10 வரை. வேலைக்கு 40 சதவீதம், தனிப்பட்ட பண்புகளுக்கு 30, பணித்திறனுக்கு 30. மூன்றையும் இந்த விகிதத்தில் கூட்டி வருவதுதான் மொத்த மதிப்பெண். 8 முதல் 10 வரை 'அவுட்ஸ்டாண்டிங்', 6 முதல் 8-க்குள் 'வெரி குட்', 4 முதல் 6-க்குள் 'குட்'. 4-க்குக் கீழே போனால் பதவி உயர்வுக் கணக்கில் பூஜ்யம்.

உங்கள் நேர் மேலதிகாரியான ரிப்போர்ட்டிங் அதிகாரி 7, 6, 6 போட்டிருக்கிறார்: மொத்தம் 6.4, வெரி குட். அவருக்கு மேலே உள்ள ரிவ்யூயிங் அதிகாரி அதை 6, 5.5, 5.5 ஆக்கியதில் 5.7-க்கு வந்து குட் ஆகிவிட்டது. 'குட்' என்றால் நல்லதுதானே என்று விட்டுவிடாதீர்கள். பதவி உயர்வு இல்லாமலே சம்பள நிலையை உயர்த்தும் எம்.ஏ.சி.பி.க்கு 2016 ஜூலை 25 முதல் வெரி குட் வேண்டும். அடுத்த வருடம் உங்களுக்குப் பத்து வருடம் நிறைகிறது. இந்த 0.3 அங்கே வந்து நிற்கும்.

குறைத்ததற்கு அவர் சொல்லும் காரணம் ஒரே வரி: 'வேகம் போதாது'. எந்தக் கோப்பு, எத்தனை நாள் தாமதம், எதுவும் இல்லை. கருத்து வேறுபட்டால் விவரமும் காரணமும் எழுதச் சொல்லி அந்தப் படிவமே கேட்கிறது. அதோடு, ரிப்போர்ட்டிங் அதிகாரி 'தணிக்கை ஆட்சேபணைகளை அவகாசத்துக்குள் முடித்தார்' என்று பென் பிக்சரில், அதாவது உங்களைப் பற்றிய குறிப்பில், எழுதியிருக்கிறார். அதே ஆளுக்குக் காலக்கெடுவைக் கடைப்பிடித்தல் என்ற கட்டத்தில் ரிவ்யூயிங் அதிகாரி 4 போட்டிருக்கிறார். உங்கள் பதிலின் உயிர் இந்த முரண்தான்.

உங்கள் கைக்கு வந்தது ஆகஸ்ட் 12. முறையீட்டுக்குப் பதினைந்து நாள், அதாவது 27-க்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இதுவே இறுதி. கொடுத்தால், முப்பது நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது 2009 மே 14 சுற்றறிக்கை. குறைவான கிரேடு மட்டுமில்லை, எந்தப் பதிவானாலும் ஊழியருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று தேவ் தத் வழக்கில் 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் முறையிடுவதை யாரும் எதிர்ப்பாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. எடுத்துக்கொள்பவரும் உண்டு, அது வேறு கதை.

என் கருத்து: கொடுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஜனவரியில் நடந்த லீவு சண்டையைத் தொடவே வேண்டாம். அறிக்கையில் உள்ள விவரங்களைப் பற்றி மட்டுமே பேச முடியும்; உள்நோக்கம் என்று எழுதினால் மற்றதும் சேர்ந்து அடிபடும். தணிக்கைப் பதில்கள் போன தேதிப் பட்டியலை இணைத்து, காரணம் எழுதாமல் குறைத்த மதிப்பெண்ணை 6.4-க்குத் திருத்தும்படி கேளுங்கள். வியாழனுக்குள் டிராஃப்ட் அனுப்பினால் பார்த்துத் தருகிறேன்.